திருப்பிப் போட்ட கிடார்

வீட்டில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வைத்தவன் அண்ணன். லிஃப்ட் மெக்கானிக்கான அவனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் வைத்தாக வேண்டும். தங்கை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஏனென்றால் அவள் வேலையே அதுதான். வீடு வாடகைக்கு விடும் ஒரு இணையதளத்தில், விளம்பரத்துக்கு வரும் படங்கள் உண்மையா திருடியவையா என்று பார்ப்பது. 'கடலைப் பார்த்த பால்கனி' என்று ஒருவன் போட்டிருப்பான். அந்தப் படத்தை எடுத்துத் தேடலில் கொடுத்தால், அதே பால்கனி, அதே பூந்தொட்டி, அதே நாற்காலி, எங்கோ ஒரு ஓட்டலின் இணையப் பக்கத்தில் வந்து நிற்கும். அவன் விளம்பரத்தைத் தூக்கிவிட்டு அடுத்ததுக்குப் போவாள். நாள் முழுக்க இப்படிப் பார்த்துப் பார்த்து, யாராவது குழந்தை போட்டோவைக் காட்டினாலும் முதலில் பின்னால் இருக்கும் சுவரைத்தான் பார்க்கிறாள் என்று அண்ணன் கிண்டல் செய்வான்.

அந்தச் சனிக்கிழமை மதியம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, அண்ணி மருந்துக்கடையிலிருந்து வந்தாள். வந்தாள் என்பதைவிடப் பறந்து வந்தாள் என்று சொல்லலாம். செருப்பு ஒன்று வாசலில், ஒன்று கூடத்தில்.

"கண்ணாடி! கிடைச்சிடுச்சு!"

"என்ன அண்ணி?"

"கிடார்! நொட்டாங்கை கிடார்!"

அண்ணி இடதுகைக்காரி. மருந்துச் சீட்டில் எழுதுவதும் கத்தரிக்கோல் பிடிப்பதும் இடதுகையால்தான். சின்ன வயதில் எத்தனையோ பேர் அந்தக் கையைத் தட்டிப் பார்த்தும் அது மசியவில்லை. கிடார் வாசிக்கத் தொடங்கியபோதுதான் சிக்கல் வந்தது. ஊரில் விற்கும் கிடாரெல்லாம் வலதுகைக்காரர்களுக்கானவை. ஒன்றை வாங்கித் தலைகீழாகப் பிடித்து, கம்பிகளை வரிசை மாற்றிக் கட்டிக்கொண்டாள். தடித்த கம்பி மெல்லிய கம்பிக்கான பள்ளத்தில் உட்காராமல் துள்ளும். அடித்தால் ஈ பறக்கிற மாதிரி ஒரு 'ங்ங்'. அந்த ஈயோடுதான் அவள் இத்தனை வருடமாகப் பாடிக்கொண்டிருந்தாள். 'உன் பாட்டுக்கு ஈ கூட சேர்ந்து பாடுது' என்று அண்ணன் சொல்வான். அண்ணிக்கு அது ஒரு நாளும் சிரிப்பாக இருந்ததில்லை.

போன வாரம் பழைய சாமான் விற்கும் தளம் ஒன்றில், 'இடதுகை கிடார் தேவை' என்று போட்டிருந்தாள். இன்று மதியம் ஒருவன் தானாகவே செய்தி அனுப்பியிருக்கிறான். என்னிடம் இருக்கிறது, அதிகம் வாசிக்காதது, வேறு ஊருக்குப் போகிறேன், அதனால் விற்கிறேன். கூடவே மூன்று படம்.

"பாரு, எவ்வளவு அழகா இருக்கு!" என்று போனை மூக்குக்கு நேரே நீட்டினாள் அண்ணி. தேன் நிறத்தில் பளபளக்கும் கிடார். ஒரு மர நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தது. "பாதிப் பணம் முன்னாடி அனுப்பினா பார்சல்ல போட்டுடுவானாம். அனுப்பிடவா?"

"அண்ணி, ஒரு நிமிஷம் பார்த்துட்டு—"

"தெரியும்டி. நீ இதைச் சொல்லுவேன்னு படியேறும்போதே தெரியும்." முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் போனைக் கொடுத்தாள். "சரி, பாரு. சீக்கிரம்."

மடித்த துணியை ஓரம் தள்ளிவிட்டு, படங்களைத் தன் மடிக்கணினிக்கு அனுப்பிக்கொண்டாள் பூதக்கண்ணாடி. முதல் படத்தைத் தேடலில் இட்டாள். கிடார் கிடாராக வந்து குவிந்தன. சிவப்பு, கறுப்பு, தேன் நிறம். எல்லாம் இதுமாதிரி இருந்தன, எதுவும் இதுவாக இல்லை. இன்னொரு தேடல் தளத்திலும் போட்டாள். அங்கேயும் அப்படித்தான். மற்ற இரண்டு படங்களுக்கும் அதே கதை.

"என்ன வருது?" அண்ணி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணும் வரலை."

"அப்போ நல்லவன்!"

"வரலைன்னா நல்லவன்னு அர்த்தமில்லை அண்ணி. இந்தத் தேடலோட கண்ணுல மாட்டலை, அவ்வளவுதான். நெட்ல இருக்கிற எல்லாப் படமும் இதுக்குத் தெரியாது."

"நீ ஒரு சந்தேகப் பிராணி," என்றாள் அண்ணி. ஆனால் குரலில் கோபத்தைவிட ஆசைதான் அதிகம் இருந்தது. அவள் ஏற்கெனவே அந்தக் கிடாரை மனசுக்குள் மடியில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

பூதக்கண்ணாடிக்கும் அதைக் கெடுக்க மனமில்லை. சரி, அனுப்புங்க என்று சொல்ல வாயைத் திறந்தாள். பழக்கம் விடவில்லை. கடைசியாக ஒரு தடவை இரண்டாவது படத்தைப் பெரிதாக்கி, கிடாரை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தாள். சுவரில் ஒன்றுமில்லை. நாற்காலியைப் பார்த்தாள். நாற்காலிக்குப் பின்னால் ஒரு மேசை. மேசை ஓரத்தில் கணினித் தட்டச்சுப் பலகை ஒன்றின் பாதி.

அவள் தன் மடிக்கணினியின் பக்கத்தில் கிடந்த அலுவலகத் தட்டச்சுப் பலகையைப் பார்த்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள். பிறகு மறுபடி தன்னுடையதை.

"அண்ணி."

"என்னடி?"

"கீபோர்டுல நம்பர் கட்டை எந்தப் பக்கம் இருக்கும்?"

"வலப்பக்கம்."

"இதுல எந்தப் பக்கம் இருக்கு?"

அண்ணி குனிந்து பார்த்தாள். இடப்பக்கம் இருந்தது. அவள் உதட்டைக் கடித்தாள். "இடதுகைக்காரன்தானே. அவனுக்குத் தகுந்த மாதிரி வாங்கியிருப்பான்."

"அப்படியும் விக்கிறாங்க. இல்லேன்னு சொல்லலை," என்றாள் பூதக்கண்ணாடி. ஆனால் அவள் காதுமடல் சூடாகிவிட்டது. வேலையில் ஒரு முடிச்சு கையில் மாட்டும்போது அப்படித்தான் ஆகும். "ஒரு தடவை திருப்பிப் பார்க்கலாம்."

படத்தை இடவலமாகத் திருப்பினாள். கண்ணாடியில் பார்ப்பதுபோல எல்லாம் பக்கம் மாறியது. நம்பர் கட்டை வலப்பக்கம் போய் ஒழுங்காக உட்கார்ந்தது. கிடாரும் பக்கம் மாறி, ஊரில் விற்கும் மற்ற கிடார் மாதிரியே ஆகிவிட்டது. திருப்பிய படத்தில் நாற்காலியும் மேசையும் வருகிற அளவுக்கு வெட்டி, அதைத் தேடலில் இட்டாள்.

இந்தத் தடவை பக்கம் வர ஒரு நொடிகூட ஆகவில்லை. 'இதே படம்' என்ற தலைப்பின் கீழே ஒன்றே ஒன்று.

"அண்ணி!" என்று கத்தியேவிட்டாள். அடுக்களையில் அண்ணன் டம்ளரைக் கீழே போட்டான்.

வேறொரு ஊரில், இசைக்கருவி பழுதுபார்க்கும் கடை ஒன்றின் இணையப் பக்கம் அது. 'விற்பனைக்கு' என்று மூன்று வருடத்துக்கு முந்தைய தேதியில் போட்ட பதிவு. அதே நாற்காலி. அதே மேசை. படம் இன்னும் அகலமாக இருந்தது. இவர்களுக்கு வந்த படத்தில் கிடாரின் தலைப்பகுதி வெட்டப்பட்டிருந்தது. இங்கே தலை முழுதாக, அதில் செய்தவன் பெயர் நேராகப் படிக்கும்படி. கிடாரின் வயிற்றோரம் அரிசி நீளக் கீறல் ஒன்று. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். கீறல் இரண்டிலும் இருந்தது, எதிரெதிர்ப் பக்கத்தில்.

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தாள். "அப்போ அது இடதுகை கிடாரே இல்லையா?"

"இல்லை. சோத்தாங்கை கிடாரைத் திருப்பிப் போட்டிருக்கான். நீங்க என்ன தேடுறீங்கன்னு பார்த்துட்டு, உங்களுக்குன்னே தைச்ச சட்டை."

"அடப்பாவி," என்றாள் அண்ணி. பிறகு, வக்கீல் மாதிரி நிமிர்ந்தாள். "ஒருவேளை இவன் அந்தக் கடையிலேருந்து வாங்கி, அந்தப் போட்டோவையே போட்டிருந்தா?"

"வாங்கியிருக்கலாம். ஆனா வலது எப்படி இடதாகும்?"

கடையின் பக்கத்தில் தொலைபேசி எண் இருந்தது. பூதக்கண்ணாடி அழைத்தாள். வயதான ஒரு குரல் எடுத்தது. விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"நீங்க ரெண்டாவது ஆள் அம்மா. போன மாசம் ஒருத்தர் கூப்பிட்டு, காசு கட்டியாச்சு, பார்சல் எங்கேன்னு கேட்டு என்னைத் திட்டினார். எனக்கு ஒண்ணும் புரியலை. அது வலதுகை கிடார்தான். வித்து ரொம்ப நாளாச்சு." பூதக்கண்ணாடி படங்களை அனுப்பிவைத்துவிட்டுக் காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் குரல் சிரித்தது. "என் ரூமே எனக்கு அடையாளம் தெரியலை! யாரோ வீட்டைத் திருப்பி வெச்சுட்ட மாதிரி இருக்கு." அவர் அந்தத் தளத்துக்குத் தானும் புகார் கொடுப்பதாகச் சொன்னார்.

அண்ணிக்கு இப்போது ஏமாற்றம் போய் வீம்பு வந்துவிட்டது. "இரு, அவனையே கேட்கிறேன்," என்று போனை எடுத்தாள்.

"திட்டாதீங்க. திட்டினா ஓடிடுவான். ஒரு புது போட்டோ கேளுங்க. கம்பிக்கு மேல ஒரு ஸ்பூனை வெச்சு எடுக்கச் சொல்லுங்க. பொருள் கையில இருந்தா அரை நிமிஷ வேலை."

அண்ணி இடது கட்டைவிரலால் தட்டினாள். பதில் உடனே வந்தது. கிடார் தம்பி வீட்டில் இருக்கிறதாம். இவன் வெளியூரில் இருக்கிறானாம். அடுத்த செய்தி கொஞ்சம் முறைப்பாக வந்தது. 'நம்பிக்கை இல்லைன்னா விடுங்க மேடம். இன்னொரு இடதுகைக்காரர் நாலு மணிக்குப் பணம் அனுப்பறதா சொல்லியிருக்கார். முதல்ல அனுப்பறவங்களுக்குத்தான்.'

"பூச்சாண்டி காட்டுறான்," என்றாள் அண்ணி.

பூதக்கண்ணாடி அந்தச் செய்தியை மறுபடி படித்தாள். எல்லா ஏமாற்றுக்காரர்களும் இப்படித்தான் அவசரப்படுத்துவார்கள், அது அவளுக்கு மனப்பாடம். ஆனால் 'இடதுகைக்காரர்' என்ற அந்த ஒரு சொல் உறுத்தியது. பொய் சொல்கிறவன் 'இன்னொருத்தர்' என்று சொன்னால் போதுமே. "அண்ணி, இடதுகைக்காரங்க குழு ஒண்ணு இருக்குன்னு சொல்வீங்களே?"

"ஆமா, இடதுகை கிடார் குழு. அங்கேயும் கேட்டிருந்தேன்."

"உள்ளே போய்ப் பாருங்க. குழுவுக்குள்ள போடுறதெல்லாம் இந்தத் தேடல்ல வராது. கண்ணால்தான் பார்க்கணும்."

இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு போனை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள். இரண்டு விரல் தள்ளுவதற்குள் அண்ணி "ஐயோ" என்றாள். தேன் நிறக் கிடார். அதே நாற்காலி. மேலே ஒருவர் எழுதியிருந்தார்: 'மகளுக்கு ஒருவழியாகக் கிடைத்துவிட்டது! என்னை மாதிரியே நொட்டாங்கை. இன்று மாலை பணம் அனுப்புகிறேன். வாழ்த்துங்கள்!' கீழே வாழ்த்துகள் குவிந்திருந்தன.

"எழுதுங்க, எழுதுங்க!"

அண்ணி எழுதினாள். பதில் இல்லை. செய்தி அனுப்பினாள். பார்க்கவே இல்லை என்று காட்டியது. அவருடைய பக்கத்துக்குப் போனால், தோளில் விசில் தொங்க, நீலத் தண்ணீருக்கு முன்னால் நிற்கும் படம். இதே ஊர் நகராட்சி நீச்சல் குளத்தில் பயிற்சியாளர் என்று போட்டிருந்தது.

"குளத்துல இருக்கிற ஆள் எப்படிடி போனைப் பார்ப்பான்?"

சுவர்க் கடிகாரம் மூன்று தாண்டியிருந்தது. குளம் ஊரின் மறுகோடியில். பூதக்கண்ணாடி ஸ்கூட்டர் சாவியை எடுத்துவிட்டாள். அண்ணி ஒரு செருப்பை வாசலில் போட்டுக்கொண்டு, இன்னொன்றைத் தேடிக் கூடத்துக்கு ஓடினாள்.

"எங்கே போறீங்க ரெண்டு பேரும்?" என்றான் அண்ணன்.

"நீச்சல் குளத்துக்கு!"

"உங்க ரெண்டு பேருக்குமே நீச்சல் தெரியாதே!"

பதில் சொல்ல யாரும் நிற்கவில்லை.

சிக்னல்கள் எல்லாம் அன்றைக்கென்று சிவப்பாகவே விழுந்தன. பின்னால் உட்கார்ந்த அண்ணி குழுவில் அந்த மனிதரின் எண்ணைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு சிவப்பிலும் அழைத்துப் பார்த்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. "எடுக்கலைடி, எடுக்கலை," என்று அவள் தோளில் அடித்துக்கொண்டே வந்தாள். பூதக்கண்ணாடிக்குத் தோள் வலித்தது, ஆனால் உள்ளுக்குள் ஒரு குதூகலம். இத்தனை வருடம் திரைக்கு முன்னால் உட்கார்ந்து எத்தனையோ பொய்ப் படங்களைத் தூக்கியிருக்கிறாள். ஏமாறவிருந்த மனிதர் ஒருவரின் முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை. இப்போது அந்த முகத்தை நோக்கி வண்டி ஓட்டுகிறாள்.

குளத்தில் அனுமதிச் சீட்டு கொடுக்கும் பெண்ணிடம், "கோச்சைப் பார்க்கணும், அவசரம்," என்றாள் அண்ணி மூச்சு வாங்க.

"குளிக்கிற உடுப்பு இல்லாம உள்ளே விட மாட்டோம்மா."

"நாங்க குளிக்க வரலை, காப்பாத்த வந்திருக்கோம்!"

அந்தப் பெண் எதை நினைத்தாளோ, பதறிக் கதவைத் திறந்துவிட்டாள். குளத்தின் நடுவே, ரப்பர் தொப்பி போட்ட ஒரு கூட்டத்துக்குக் கால் உதைக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார் கோச். ஓங்கி உயர்ந்த ஆள். அண்ணி குளத்தின் விளிம்பில் நின்று கத்தினாள். தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அவள் இடதுகையால் ஒரு கிடார் வாசிப்பதுபோல் காற்றில் அபிநயம் பிடித்தாள். கோச் அப்படியே நின்றுவிட்டார். பிறகு விசில் ஊதிக் கூட்டத்தைக் கரையேறச் சொல்லிவிட்டு, விளிம்புக்கு வந்து ஒரே எம்பில் ஏறினார்.

"யாரும்மா நீங்க?"

"நீங்க வாங்கப்போற கிடார் இல்லவே இல்லை சார்," என்றாள் அண்ணி. "படம் திருட்டுப் படம்."

சொட்டச் சொட்ட நின்றுகொண்டே அவர் கேட்டார். பூதக்கண்ணாடி போனை நீட்டினாள். ஒரு பக்கம் அவருக்கு வந்த படம், மறு பக்கம் கடையின் படம். தட்டச்சுப் பலகையைக் காட்டினாள். கீறலைக் காட்டினாள். அவர் முதலில் நம்பவில்லை, பிறகு கண்ணைச் சுருக்கினார், பிறகு தன் ஈரக் கையை நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"வீட்டுல சொல்லிட்டு வந்திருக்கேன். நாலு மணிக்கு அனுப்பிடுன்னு சொன்னேன்!"

உடுப்பு மாற்றும் அறை வாசலுக்கு ஓடினார், இவர்கள் பின்னாலேயே. ஈரக் காலில் வழுக்கி, கதவைப் பிடித்து நின்று, பெட்டியைத் திறந்து போனை எடுத்தார். விரல் ஈரமாக இருந்ததால் திரை கேட்கவில்லை. அண்ணி தன் துப்பட்டாவால் துடைத்து, அவர் காட்டிய எண்ணை இடதுகையால் தட்டிக் கொடுத்தாள். அவரும் இடதுகையை நீட்டி வாங்கிக்கொண்டார். ஸ்பீக்கரில் போட்டார்.

"என்ன, வகுப்பு நேரத்துல?" என்றது மனைவியின் குரல்.

"அந்தக் கிடார் காசு அனுப்பிட்டியா?"

பூதக்கண்ணாடி தன் சொந்தப் பணம் போவதுபோல் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"அனுப்பறேன்னுதான் சொன்னேன். அனுப்பினேன்னு சொல்லலையே."

"அனுப்பலையா?"

"கோவிச்சுக்காதீங்க. ஒரு கிடார் சத்தத்துக்கே பக்கத்து வீட்டுல என்கிட்ட முகம் கொடுத்துப் பேசறதில்லை. ரெண்டாவதும் வந்தா என்ன ஆகும்? நாலு மணி தாண்டட்டும், அப்புறம் மறந்துட்டேன்னு சொல்லிக்கலாம்னு—"

கோச் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு வழுக்குத் தரையெங்கும் எதிரொலித்தது. "மகராசி, நீ நல்லா இருக்கணும்!" மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. "குளத்துல தலையை எங்காவது இடிச்சுக்கிட்டீங்களா?" என்று கேட்டாள். அண்ணியும் பூதக்கண்ணாடியும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு குதித்தார்கள்.

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து வேலையை முடித்தார்கள். விற்பவனின் பக்கத்தைப் படம் எடுத்து, கடையின் பதிவோடு சேர்த்து, தளத்துக்குப் புகார் அனுப்பினாள் பூதக்கண்ணாடி. இரண்டு படமும் எப்படி ஒன்று என்று ஒரே வரியில் எழுதினாள். புகார் பார்க்கிறவர்களுக்கு எது பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? கோச் குழுவில் எழுதினார்: 'வாழ்த்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். படம் வந்தால் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் திருப்பித் தேடுங்கள்.' வகுப்பு முடிவதற்குள் அந்த ஆளின் கணக்கு தளத்தில் காணாமல் போயிருந்தது. பெயர் மாற்றிக்கொண்டு நாளைக்கே வருவான் என்பது பூதக்கண்ணாடிக்குத் தெரியும். ஆனாலும் இன்றைக்கு இன்றைய கணக்கு.

"நீங்களும் வாசிப்பீங்களா?" என்று அண்ணியைக் கேட்டார் கோச், தலை துவட்டிக்கொண்டே.

"வாசிப்பேன். தலைகீழா. நிஜமான இடதுகை கிடாரை நான் கையால தொட்டதே இல்லை."

"தொட்டதே இல்லையா?" அவர் துண்டைக் கீழே இறக்கினார். "வீடு பின்தெருவுலதான். வாங்க."

கோச்சின் மனைவி கதவைத் திறந்தபோது, இரண்டாவது கிடார் வந்துவிட்டதோ என்று முதலில் இவர்கள் கைகளைத்தான் பார்த்தாள். இல்லை என்று தெரிந்ததும், விஷயத்தையும் கேட்டதும், நாற்காலி போட்டு உபசரித்தாள். கோச் உள்ளே போய்த் தன் கிடாரை எடுத்துவந்தார். பழையது, ஓரமெல்லாம் வண்ணம் போனது. அதை அண்ணி கையில் கொடுத்தார்.

அண்ணி வாங்கி மடியில் வைத்தாள். வழக்கம்போல் எங்கே கை வைப்பது என்று ஒரு கணம் தேடினாள். தேட வேண்டியிருக்கவில்லை. கை போகிற இடத்தில் எல்லாம் இருந்தது. இடதுகை ஒரு தடவை கம்பிகளின் மேலே இறங்கியது.

ஈ இல்லை. தடித்த கம்பி முதல் மெல்லியது வரை, ஒவ்வொன்றும் தன் இடத்தில் உட்கார்ந்து, சுத்தமாக முழங்கியது. அண்ணி நிமிர்ந்து நாத்தனாரைப் பார்த்தாள். கண்கள் பளபளத்தன.

"கேட்டியாடி?"

"கேட்டேன் அண்ணி."

"இது நான்தான் வாசிச்சேனா?"

"நீங்கதான்."

அண்ணி மறுபடி வாசித்தாள். இந்தத் தடவை பாட்டோடு. முதல் வரி தயங்கியது, இரண்டாவது வரி ஓடியது, மூன்றாவது வரியில் கோச் மேசையில் தாளம் போட ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுச் சன்னல் ஒன்று திறந்தது. கோச்சின் மனைவி அந்தப் பக்கம் திரும்பி, "இருங்க, இது வேற ஆள், நல்லா வாசிக்கிறாங்க!" என்று குரல் கொடுத்தாள். சன்னல் மூடவில்லை.

பூதக்கண்ணாடி அந்த அறையின் சுவரைப் பார்க்கவில்லை. மேசையையும் பார்க்கவில்லை. அண்ணியின் இடதுகையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.